ஒரு போட்டோவும் சில விளக்குகளும்: இன்டர்நெட் பெட்டி என்ன சொல்கிறது?



முன்பெல்லாம் எங்கள் கைபேசிக்கு உறுப்பினர்களிடமிருந்து வரும் படங்கள் இரண்டே வகைதான். ஒன்று பாஸ்புக்கின் கடைசிப் பக்கம், இல்லையென்றால் தீர்மான நோட்டு. இப்போது மூன்றாவதாக ஒன்று வர ஆரம்பித்திருக்கிறது. வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு சின்னப் பெட்டி, அதில் வரிசையாகக் குட்டி விளக்குகள், கீழே ஒரு வரி: "மேடம், நெட் வரல. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

வீட்டில் தையல் வேலையோடு ஒரு ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் போட்டுத் தொழில் செய்கிற உறுப்பினர்கள் நம் கூட்டமைப்பில் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்புக்காக லைன் எடுத்தவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டி நின்றுபோனால் அன்றைய வேலை நின்றுபோகிறது. அதனால் அந்த விளக்குகளை எப்படிப் படிப்பது என்று இந்த இதழில் எழுதுகிறோம். படத்தைப் பார்த்து நாங்களே ஒருமுறை தப்பாகச் சொல்லி ஒரு அக்காவைச் செலவு வைத்துவிட்டோம். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்கிறோம்.

எந்தப் பெட்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இப்போது நம் ஊர்களில் பெரும்பாலும் வருவது பைபர் லைன். கம்பத்திலிருந்து மெல்லிய ஒரு வயர் வந்து, நுனியில் பச்சை நிற பிளாஸ்டிக் முனையோடு பெட்டியின் அடியிலோ பின்னாலோ செருகியிருக்கும். அந்த வயருக்குள் செம்புக் கம்பி கிடையாது. தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை இருக்கிறது. அதன் வழியாக மின்சாரம் வருவதில்லை, ஒளி வருகிறது. நம் பெட்டி அந்த ஒளியை வாங்கி, போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. பழைய டெலிபோன் வயரில் ஓடிய பெட்டி வேறு, அதில் DSL என்று ஒரு விளக்கு இருக்கும். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ஆடி மாதத்தில் நடந்தது

கடந்த ஆண்டு ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை 10 மணி இருக்கும். எங்கள் தொகுப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போட்டோ அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி. "மேடம், நம்ம குழுவுல இருக்குற அக்கா பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல காலேஜ் விருப்பம் பதியணும். இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது. பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கு. நெட்டு செத்துக் கிடக்கு."

நாங்கள் அப்போது பஸ்ஸில் இருந்தோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பவர் விளக்கு பச்சை. வைஃபை விளக்கு பச்சை. கம்ப்யூட்டர் வயருக்கான விளக்கு பச்சை. சிவப்பு எதுவும் எரியவில்லை. இன்டர்நெட் என்று எழுதிய இடம் மட்டும் இருட்டு. சிவப்பு இல்லை என்றால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, பணம் கட்டும் தேதி முடிந்திருக்கும் என்று முடிவு செய்தோம். "ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும் அக்கா, கட்டிப் பாருங்க" என்று பதில் போட்டோம்.

அக்கா உடனே ஐநூற்றுச் சொச்சம் கட்டிவிட்டார். அது அந்த வாரக் குழுச் சேமிப்புக்கும் கடன் தவணைக்கும் எடுத்து வைத்த காசு என்று பிறகுதான் தெரிந்தது. நெட் வரவில்லை. நிறுவனத்தின் ஆப்பில் பார்த்தால் பழைய கணக்கிலேயே இன்னும் 9 நாள் பாக்கி இருந்திருக்கிறது.

எங்கே தப்பு செய்தோம் என்று புரிய, முதலில் விளக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசை

பெட்டியில் எட்டு, பத்து விளக்குகள் இருந்தாலும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான்கைந்து போதும். அவற்றையும் ஒரு வரிசையில் பார்த்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும். ஊரில் குடிநீர் வராதபோது நாம் என்ன செய்கிறோம்? மோட்டாருக்கு கரண்ட் இருக்கிறதா, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, தெருக் குழாயில் வருகிறதா, கடைசியாக நம் வீட்டுக் குழாயா என்று வரிசையாகத்தானே பார்க்கிறோம். அதே மாதிரிதான் இதுவும்.

முதலில் POWER, அதாவது பவர். இது பச்சையாக, அசையாமல் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஸ்விட்ச், பிளக், அடாப்டர் இவற்றில் ஒன்றுதான் காரணம். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அடாப்டர் பழசாகிப் பலவீனமானால் பவர் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் பெட்டி அடிக்கடி தானாக அணைந்து மறுபடி தொடங்கும். எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து ஒவ்வொன்றாக மீண்டும் எரிந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட் அடாப்டர். ஆனால் ஆம்பியர் அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே வோல்ட்டும், ஆம்பியர் அதற்குக் குறையாமலும் வாங்க வேண்டும். டி.வி. செட்டாப் பாக்ஸ் அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காக எடுத்துச் செருகக் கூடாது.

அடுத்து இரண்டு விளக்குகள், இவைதான் முக்கியம். ஒன்று PON, இன்னொன்று LOS. இரண்டுமே மூன்றெழுத்து, இரண்டிலும் நடுவில் வட்டம். அதனால் எங்கள் உறுப்பினர்கள் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தடியைப் படுக்க வைத்த மாதிரி, L என்று தொடங்குவது லாஸ். அது சிவப்பு விளக்கு. மற்றது பான், அது பச்சை விளக்கு. இரண்டும் ஒரே வயரைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆனால் எதிரெதிராக.

லாஸ் என்பது ஒளி வரவில்லை என்று சொல்லும் விளக்கு. எல்லாம் நன்றாக இருக்கும்போது அது அணைந்திருக்க வேண்டும். சிவப்பாக மின்னினாலோ, நின்று எரிந்தாலோ, கம்பத்திலிருந்து வரும் ஒளி நம் பெட்டிக்கு வந்து சேரவில்லை, அல்லது வந்தாலும் மிகவும் மங்கலாக வருகிறது என்று பொருள். இழை அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், முனை சரியாகச் செருகாமல் இருக்கலாம், எலி கடித்திருக்கலாம், லாரி உரசிக் கம்பத்து வயர் இழுபட்டிருக்கலாம். இவற்றில் எதுவானாலும் ரீசார்ஜ் செய்து பயன் இல்லை.

பான் என்பது அந்தப் பக்கத்து இயந்திரத்தோடு நம் பெட்டி கைகோத்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. பெட்டியைப் போட்டதும் பான் மின்னும். வருகைப் பதிவேட்டில் நம் பெயரைக் கூப்பிட்டு "உள்ளேன் அம்மா" சொல்கிற நேரம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் மின்னுவது நின்று, பச்சை அசையாமல் எரியும். ஐந்து நிமிடம் கழித்தும் மின்னிக்கொண்டே இருந்தால் பதிவு நடக்கவில்லை. ஒளி வருகிறது, ஆனால் போதவில்லை, அல்லது நிறுவனத்தின் பக்கம் நம் பெட்டி எண்ணைச் சேர்க்கவில்லை. புதுப் பெட்டி மாற்றிய நாளில் இந்த இரண்டாவது காரணம்தான் அதிகம்.

அதன் பிறகுதான் INTERNET. பான் அசையாமல் எரிந்த பின், பெட்டி நம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அங்கே ஒப்புக்கொண்டால் இன்டர்நெட் விளக்கு பச்சையாகும். போக்குவரத்து நடக்கும்போது மின்னும், அது நல்ல மின்னல்தான். பான் அசையாமல் எரிந்து, லாஸ் அணைந்து, இன்டர்நெட் மட்டும் இருட்டாகவோ சிவப்பாகவோ இருந்தால் அப்போதுதான் ரீசார்ஜ் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். கணக்கு ஏற்கப்படவில்லை, அல்லது நிறுவனத்தின் பக்கமே கோளாறு. சில வீடுகளில் பைபர் பெட்டி ஒன்று, வைஃபை பெட்டி தனியாக ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். அங்கே முதல் பெட்டியின் இன்டர்நெட் விளக்கு எப்போதும் இருட்டாகவே இருக்கலாம், ஏனென்றால் கணக்குச் சொல்லும் வேலையை இரண்டாவது பெட்டி செய்கிறது. நன்றாக ஓடும் நாளில் எந்த விளக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

WLAN அல்லது WIFI என்று எழுதிய விளக்கைத்தான் நம் ஆட்கள் முதலில் பார்க்கிறார்கள். "வைஃபை பச்சையா மின்னுது மேடம், ஆனா நெட்டு இல்ல" என்று கேட்பார்கள். வைஃபை விளக்கு சொல்வது நம் பெட்டிக்கும் நம் போனுக்கும் நடுவில் உள்ள பத்தடி, இருபதடி தூரத்தைப் பற்றி மட்டும்தான். வீட்டுக் குழாய் நன்றாக இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இல்லை என்கிற கதை. கம்பத்தில் வயர் அறுந்து கிடந்தாலும் வைஃபை பச்சையாக மின்னிக்கொண்டே இருக்கும். போனின் மேலே விசிறி மாதிரி ஒரு குறி முழுதாகத் தெரிந்தாலும் அதே கதைதான். LAN என்ற விளக்கும் அப்படியே, அது பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள வயரைச் சொல்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தால் அதுவும் பெரும்பாலும் அணைந்துபோகும், பயப்பட வேண்டாம்.

WPS, USB, TEL என்று மீதி இருப்பவை இருட்டாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறமும் பெயரும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஒரே ஒரு விளக்கு மட்டும் வைத்து நிறத்தை மாற்றிக் காட்டும் பெட்டிகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு, கூடவே கொடுத்த சிறு புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

படம் ஏமாற்றியது எப்படி?

இப்போது அந்த அக்காவின் படத்துக்கு வருவோம். ரீசார்ஜ் செய்தும் வரவில்லை என்றதும் எங்களுக்குச் சுருக்கென்றது. படத்தை மறுபடி பார்த்தோம். லாஸ் சிவப்பு இல்லை என்று மட்டும் பார்த்தோமே தவிர, பான் பச்சை எரிகிறதா என்று பார்க்கவே இல்லை. பானும் இருட்டாக இருந்தது. லைன் நன்றாக இருந்தால் பான் எரிந்தாக வேண்டும். பானும் இல்லை, லாஸும் இல்லை என்றால் படத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டு, "போட்டோ வேண்டாம், பதினஞ்சு செகண்ட் வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றோம். வந்த வீடியோவில் லாஸ் விளக்கு நன்றாகச் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. எரிவதும் அணைவதுமாக மாறி மாறி. அக்கா போட்டோ எடுத்த கணம், அது அணைந்திருந்த கணம். அவ்வளவுதான் விஷயம்.

போட்டோ என்பது ஒரு கணம். மின்னும் விளக்கு அதில் எரிவதாகவும் விழும், அணைந்ததாகவும் விழும். மின்னுகிறது என்பது மட்டும் விழாது. நாம் பார்த்தபடி, இந்தப் பெட்டியில் பாதிச் செய்தி மின்னுவதில்தான் இருக்கிறது. பான் மின்னினால் ஒரு பொருள், நின்று எரிந்தால் வேறு பொருள். இரண்டுக்கும் போட்டோ ஒரே மாதிரி இருக்கும்!

நிறமும் போட்டோவில் ஏமாற்றும். இருட்டு அறையில் எடுத்தால் குட்டி விளக்கின் வெளிச்சம் கேமராவுக்கு அதிகமாகி, சிவப்பு, பச்சை எல்லாமே நடுவில் வெள்ளையாகத் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் விளக்கின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் தெரியும் வளையத்தைப் பாருங்கள், அங்கே உண்மை நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளாஷ் போட்டு எடுத்தால் எதிர்ப்பிரச்சினை. பெட்டி பளபளவென்று விழும், எரியும் விளக்கும் எரியாத விளக்கும் ஒன்றுபோல் தெரியும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், விளக்கின் பெயர் எழுத்துகள் படிக்கிற அளவு கிட்டத்தில் வைத்து எடுப்பதுதான் நல்லது. எழுத்துகள் மங்கலான படத்தை வைத்துக்கொண்டு எங்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றாவது விளக்கு எது என்று பெட்டிக்குப் பெட்டி மாறுகிறதே.

கட்டில் நகர்த்தியதும் வந்த வினை

லாஸ் சிவப்பு என்று தெரிந்ததும் வேலை எளிதானது. முதல் கேள்வி, பக்கத்து வீட்டில் எப்படி? ஒரே பைபர், கம்பத்துப் பெட்டியில் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு வீடு என்று பிரித்துத்தான் வருகிறது. பக்கத்தில் அதே நிறுவனத்தின் லைன் உள்ள எல்லோருக்கும் சிவப்பு என்றால் கோளாறு கம்பத்திலோ அதற்கு அப்பாலோ. கேபிள்காரர் அறையில் கரண்ட் போயிருந்தாலும் இப்படி ஆகும். நமக்கு மட்டும் சிவப்பு என்றால் கம்பத்துப் பெட்டியிலிருந்து நம் வீட்டுக்குள் வரும் வயரில்தான் கோளாறு. அக்காவின் எதிர்வீட்டில் நெட் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இவர் வீட்டில்தான்.

"நேத்து வீட்டுல ஏதாச்சும் நகட்டுனீங்களா அக்கா?" என்று கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை நகர்த்திக் கம்ப்யூட்டர் மேசைக்கு இடம் பண்ணியிருக்கிறார். போய்ப் பார்த்தால் கட்டில் கால் சுவரோடு சேர்த்து வயரை நசுக்கி, வயர் முழங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது.

செம்பு வயர் மடங்கினால் கரண்ட் மடக்கிலும் ஓடிவிடும். கண்ணாடி இழை அப்படி இல்லை. கூர்மையாக மடங்கினால் ஒளி திரும்ப முடியாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். அறுந்தே போக வேண்டும் என்பதில்லை, மடக்கே போதும். டீ டம்ளரின் வாயை விடச் சின்ன வளையமாக இந்த வயரை எங்கேயும் சுற்றாதீர்கள். மிச்சம் உள்ள வயரை இறுக்கிக் கட்டி ஆணியில் மாட்டுவதும் இதே தப்புதான்.

கட்டிலை நகர்த்தி வயரை நீவி விட்டார் அக்கா. லாஸ் அணைந்தது, பான் மின்னியது, பின் நின்று எரிந்தது. இரண்டு நிமிடத்தில் இன்டர்நெட் பச்சை. போனிலேயே சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அரை மணி நேரம் கழித்து மறுபடி சிவப்பு. பெண் பாதிக் கல்லூரிகளைத்தான் வரிசையிட்டிருந்தாள். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, 2 மணி பஸ்ஸில் அவளைத் தாயோடு டவுனுக்கு அனுப்பினோம். அங்கே ஒரு சென்டரில் உட்கார்ந்து நேரம் முடிவதற்குள் பதிந்துவிட்டாள்.

மறுநாள் லைன்மேன் வந்தார். அவர் கையில் ஒளியை அளக்கும் சின்ன மீட்டர் இருந்தது. அதில் எண்கள் மைனஸில் வரும், மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27 பக்கம் போனால் சாதாரணப் பெட்டிகள் கையை விரித்துவிடும். நீவி விட்ட வயரில் மைனஸ் 26 காட்டியது. அதாவது விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, லேசாக அசைந்தாலும் போய்விடும். உள்ளே இழை விரிசல் விட்டிருக்க வேண்டும். அவர் நசுங்கிய துண்டை வெட்டி எறிந்து புது முனை போட்டுக் கொடுத்தார். மைனஸ் 21 ஆனது. அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. உங்கள் வீட்டுக்கு லைன்மேன் வந்தால் மீட்டரில் வந்த எண்ணைக் கேட்டுப் பெட்டியின் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒப்பிட உதவும்.

அக்கா கட்டிய பணம்? அதை அடுத்த மாதத்துக்கு வரவு வைத்துக்கொண்டார்கள். பணம் போகவில்லைதான். ஆனாலும் அந்த வாரம் தவணைக்காகப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியது எங்களால்தான்.

செய்யக் கூடாத இரண்டு

பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை இருக்கும், பக்கத்தில் RESET என்று எழுதியிருக்கும். "ரீசெட் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் நம் ஆட்கள் குண்டூசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஓட்டையில் பத்து விநாடி அழுத்தினால் பெட்டியில் லைன்மேன் போட்டு வைத்த கணக்குப் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர் எல்லாம் பல பெட்டிகளில் அழிந்துவிடும். அதன் பிறகு லைன் நன்றாக இருந்து பான் பச்சை எரிந்தாலும் இன்டர்நெட் விளக்கு வராது, லைன்மேன் வந்து திரும்பப் போட்டால்தான் உண்டு. ஒரு கோளாறு இரண்டு கோளாறாகிவிடும். நாம் செய்யக் கூடியது ஸ்விட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுவது மட்டும்தான். போட்ட பிறகு மூன்று நான்கு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இடையில் விளக்குகள் எப்படி வேண்டுமானாலும் கண்ணடிக்கும், அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது, பச்சை முனையைக் கழற்றி ஊதித் துடைத்துச் செருகுவது. பழைய டேப் ரிக்கார்டர் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. முனையில் இருக்கும் கண்ணாடிப் புள்ளியில் விரல் பட்டாலோ, முந்தானையால் துடைத்தாலோ அழுக்கு படிந்து ஒளி இன்னும் மங்கும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத வகை, தெரியவில்லை என்பதால் வரவில்லை என்று ஆகாது. முனை தளர்ந்திருக்கிறதா என்று லேசாக உள்ளே அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

புகார் சொல்லும்போதும் படம் அனுப்பும்போதும்

"நெட் வரல" என்று மட்டும் புகார் சொன்னால், போனில் பேசுகிறவர் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி அன்றைய நாளை ஓட்டிவிடுவார். "லாஸ் சிவப்பு மின்னுது, பான் இல்ல, எதிர்வீட்டுல நல்லா இருக்கு" என்று சொல்லுங்கள். ஆள் வந்துதான் ஆக வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். "பான் நின்னு எரியுது, லாஸ் இல்ல, இன்டர்நெட் மட்டும் இல்ல" என்றால் ஆள் வரத் தேவையில்லாமல் அங்கிருந்தே சரி செய்ய வாய்ப்பு உண்டு. புகார் எண்ணை வாங்கி நாள்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா விளக்கும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் இன்னொரு போனில் பாருங்கள். அதில் வந்தால் கோளாறு உங்கள் போனில்.

படத்தைப் பற்றி ஒன்று முக்கியம். பெட்டியைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும், பல பெட்டிகளில் உள்ளே நுழையும் பெயரும் கடவுச்சொல்லும்கூட அச்சடித்திருக்கும். நம் உறுப்பினர்கள் சிலர் "எல்லாப் பக்கமும்" படம் எடுத்து, ஐம்பது அறுபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். அது ஏ.டி.எம். கார்டின் பின்பக்கத்தில் நம்பரை எழுதிக் காட்டுகிற மாதிரி. முன்பக்கம் மட்டும் அனுப்புங்கள், ஸ்டிக்கர் தெரிந்தால் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் லைன்மேனிடமோ பிள்ளைகளிடமோ சொல்லிக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். குழுவிலிருந்து படத்தை அழித்தால் மட்டும் போதாது, பார்த்தவர் போனில் அது இருக்கும்.

எங்களுக்கு அனுப்புவதாக இருந்தால், பதினைந்து விநாடி வீடியோ, கூடவே உங்கள் குரலில் "இது பவர், இது பான், இது லாஸ்" என்று விரலை வைத்துக் காட்டிக்கொண்டே எடுத்தது. பக்கத்து வீட்டில் எப்படி என்றும், அண்மையில் கட்டில், பீரோ எதையாவது நகர்த்தினீர்களா என்றும் அதிலேயே சொல்லிவிடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் நாங்கள் பெரும்பாலும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவோம், பதில் கொஞ்சம் தாமதமாகும். நின்றுகொண்டே பார்த்துச் சொல்வதை இப்போது விட்டுவிட்டோம்.